பரமசிவம் ரேட்

சிங்கப்பூரில் தமிழர் இசை வளர்ந்த வரலாற்றை எழுதப் புகும் அறிஞர் பெருமக்கள் ஆர்மோனியம் தங்கராஜுவுக்கு அரை வரிகூட ஒதுக்கமாட்டார்கள். தங்கராஜுவுக்கு அது பெரிய ஆறுதல். தம்மை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று மனமார விரும்பிய கலைஞர் அநேகமாக அவர் ஒருவர்தான். அந்த விருப்பம் அவருக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்வதே இந்தச் சரித்திரத்தின் நோக்கம்.

பகலில் அவர் சிட்டி கவுன்சிலின் காக்கிச் சட்டையில் இருப்பார். சிராங்கூன் ரோட்டிலும் அதன் கிளைத் தெருக்களிலும் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது உத்தியோகம். மாலையில் வெள்ளை வேட்டியும் விபூதியுமாக ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். மீட்டர்காரர் என்று வீட்டுப் பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கதவைத் திறப்பார்கள். அதே பெண்கள் அதே ஆளைக் கல்யாண வரவேற்பில் பார்த்து, "மாஸ்டர், அந்தப் பாட்டை வாசிங்களேன்" என்பார்கள். இரண்டு முகத்துக்கும் இடையே ஒரு குளியல்தான் தூரம்.

கச்சேரிகள் வானத்திலிருந்து விழுவதில்லை. முகம்மது யூசுப்பின் கோப்பிக்கடைச் சுவரில் மாட்டியிருந்த டெலிபோனிலிருந்து விழுந்தன. கிளாங் லேன் பக்கம் இருந்த அந்தக் கடையில் சாயங்காலம் ஆனால் வாத்தியக்காரர்கள் வந்து உட்காருவார்கள். கல்யாணம் வைத்தவர், காது குத்து வைத்தவர், நாடகம் போடுகிற சங்கத்துச் செயலாளர், நபியின் புகழ் பாடும் மௌலூதுக்குப் பாட்டு ஏற்பாடு செய்கிறவர் என்று யாருக்கு வாத்தியம் தேவையோ அவர்கள் அங்கே போன் அடிப்பார்கள். யூசுப் பாய் போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "ஞாயித்துக்கெழம, கேலாங்கு, நிச்சயதார்த்தம், ஆர்மோனியம் ஒண்ணு தபலா ஒண்ணு!" என்று ஏலம் விடுகிறவரைப் போல் கூவுவார். அன்றைக்கு வேலையில்லாதவர் கிளாசைத் தூக்கிக் காட்டுவார். இதற்காக பாய் யாரிடமும் கமிஷன் வாங்கியதில்லை. ஆனால் கிளாசில் தே, அதாவது தேநீர், இல்லாதவன் கிளாசைத் தூக்க முடியாது. ஆகையால் எல்லோரும் சதா தே வாங்கிக் குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

கூலி பேசுவதிலும் சட்டங்கள் உண்டு. பாட்டுக்காரர் என்ன வாங்குகிறார் என்பது பாட்டுக்காரர் பாடு. பக்கவாத்தியத்துக்கு ஒரு மாலைக்குப் பதினைந்து வெள்ளி, அதாவது பதினைந்து டாலர். சாப்பாடும் டாக்சியும் அழைக்கிறவர் தலையில். வெற்றிலை பாக்கில் ஐந்து வெள்ளி வைத்து அட்வான்சைக் கொடுத்துவிட்டால் அந்தத் தேதி விற்றுப்போனது. அதற்குப் பிறகு இன்னொருவர் இரட்டிப்பாகத் தருகிறேன் என்று வந்து நின்றாலும் போகக்கூடாது. காய்ச்சல் வந்தால் அதே வாத்தியம் வாசிக்கிறவனாகப் பார்த்து அனுப்பி, அட்வான்சையும் அவன் கையில் கொடுத்துவிட வேண்டும். பதினைந்துக்குக் கீழே வாசிக்க ஒப்புக்கொண்டவனோடு யாரும் ஒரு மேசையில் உட்காரமாட்டார்கள். பதினைந்துக்கு மேலே வாங்கினால் அது அவனவன் சாமர்த்தியம். ரேடியோவில் மட்டும் பேரம் கிடையாது. காகிதம் வரும், கையெழுத்துப் போட வேண்டும். ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடத்தில் மலாய்ப் படப் பாட்டுக்குத் தபலா வேண்டுமென்றால் ஸ்டூடியோ வண்டியே வரும். அது தபலாக்காரர் நெய்னா முகம்மதுவுக்கு வரும், தங்கராஜு வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. வாத்தியக்காரன் யாரிடமும் 'வரமாட்டேன்' என்று சொல்லக் கூடாது. சொன்னால், "அவனுக்குத் திமிரு" என்று ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும், அடுத்த போன் வராது. வர இஷ்டமில்லை என்றால் ஒரு தொகை சொல்ல வேண்டும். கேட்டவர் மலைத்துப்போய், "சரி, வீட்டுல கலந்துட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிடுவார். மரியாதை கெடாமல் மறுக்கிற இந்த நாகரிகத்தைத் தங்கராஜு மதித்தார், பின்பற்றினார். அதனால்தான் கெட்டார்.

கப்பல் சாமான் சப்ளை செய்யும் பரமசிவம் ஆர்மோனியம் கேட்டு முதல் தடவை போன் அடித்தபோது கடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் பாடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். போன மாதம் பிடில் பாலகிருஷ்ணன் அவருக்கு வாசித்துவிட்டு வந்து, இரண்டு நாள் யாரோடும் பேசாமல் தலைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா ஆச்சு?" என்று கேட்டதற்குப் பாலகிருஷ்ணன் சொன்ன விவரம் இது: "ரெண்டு கட்டைச் சுருதியில ஆரம்பிக்கிறாரு. அனுபல்லவியில லேசா நழுவுறாரு. சரணத்துல ஒன்றரைக் கட்டையில போய் உக்காந்துக்கிறாரு. சுருதிப் பெட்டி ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம், நடுவுல என் வில்லு."

யூசுப் பாய் போனைப் பொத்தியபடி கடையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாக் கிளாசும் மேசைமேல் இருந்தன. தங்கராஜுவின் கிளாஸ் மட்டும், தே மிச்சமிருந்த துரதிர்ஷ்டத்தால், வாய்க்குப் போகிற வழியில் இருந்தது.

"மாஸ்டர் தூக்கிட்டாரு!" என்றார் நெய்னா முகம்மது, அசல் விரோதியைப் போல.

தங்கராஜு போனை வாங்கினார். நாகரிகமாக மறுப்பதென்று முடிவு செய்து, "முப்பது வெள்ளி ஆகுங்களே, அண்ணே" என்றார்.

மறுபக்கத்தில் மகிழ்ச்சி பொங்கும் குரலில், "முப்பதா! அப்ப நீங்க பெரிய ஆளாத்தான் இருக்கணும். இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் பதினஞ்சு பதினஞ்சுன்னானுங்க. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. வண்டி அனுப்பறேன், மாஸ்டர்!" என்றார் பரமசிவம்.

இப்படித்தான் அது தொடங்கியது. பரமசிவம் மனிதர் தங்கம். வண்டி சொன்ன நேரத்துக்கு வரும். வாழையிலையில் பெரிய இறால் இருக்கும். காசை உறையில் போட்டு இரண்டு கையாலும் கொடுப்பார். குற்றம் என்று சொன்னால் பாட்டு ஒன்றுதான். அதிலும் குரல் நல்ல குரல், கப்பல் சங்கு மாதிரி கனம். துறைமுகத்தில் தூரத்துக் கப்பலைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த குரல். அது எங்கே போய் நிற்கும் என்பது மட்டும்தான் குரலுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

தங்கராஜு சமாளித்தார். பிடில்காரனாவது விரலை நழுவ விடலாம். ஆர்மோனியக் கட்டைகள் மரம், நழுவாது. பாடுகிறவர் அரைக் கட்டை இறங்கினால் வாசிக்கிறவன் வெள்ளைக் கட்டையில் இருந்த விரலையெல்லாம் பெயர்த்துக் கறுப்புக் கட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். முதலில் அப்படித்தான் செய்தார். கூட வாசித்த நெய்னாவின் பாடு இன்னும் மோசம். தபலாவின் வலக்கைத் தோலை இரண்டு கட்டைக்குச் சுத்தியால் தட்டிச் சேர்த்து வைத்திருப்பார். பாட்டு ஒன்றரைக்கு இறங்கினால் அந்தத் தோல் தனியாகக் கத்தும். ஆகவே சரணம் வந்ததும் வலக்கையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இடக்கைத் தபலாவின் கும்முகிற சத்தத்திலேயே பாட்டைக் கரைசேர்ப்பார். அது உருக்கமான பாணி என்று சபையில் சிலர் கண்ணை மூடி ரசித்ததும் உண்டு.

அடுத்த தடவை தங்கராஜு முப்பத்தைந்து என்றார். தப்பிக்க. பரமசிவம் சந்தோஷமாகச் சம்மதித்தார். அதற்கடுத்த தடவை நாற்பது. பரமசிவம் போனிலேயே தழுதழுத்தார்.

இந்த இடத்தில் நம் சரித்திர நாயகர் தப்பிக்க நினைப்பதைச் சத்தமில்லாமல் நிறுத்திக்கொண்டார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கல்கத்தாவிலிருந்து கட்டைப் பலகையையே இடமும் வலமுமாக நகர்த்தக்கூடிய ஆர்மோனியம் ஒன்று ஹை ஸ்திரீட் கடைக்கு வந்திருந்தது. நாற்பது நாற்பதாகச் சேர்த்து அதை வாங்கினார். இனிமேல் பரமசிவம் இறங்கினால், இடையிசையில் ஒரு நீளமான சங்கதியை வாசித்து எல்லோரையும் மயக்கி, அந்த மயக்கத்தில் பலகையை ஒரு கட்டம் நகர்த்திவிட்டால் போதும். பரமசிவத்தின் காசில் வாங்கிய கருவியால் பரமசிவத்தின் குற்றத்தை மறைத்து, அதற்குப் பரமசிவத்திடமே நாற்பது வெள்ளி. இவ்வளவு சீரான ஏற்பாட்டைச் சிட்டி கவுன்சில்கூடச் செய்ததில்லை.

கோப்பிக்கடையில் அது ஒரு அளவுகோலாகவே ஆகிவிட்டது. புதிதாக யாராவது பாடகர் பேர் அடிபட்டால், "எப்படி? பதினஞ்சா, பரமசிவம் ரேட்டா?" என்பார்கள். "சேச்சே, இருவதுதான். லேசாத்தான் இறங்குறாரு" என்பார் போய் வந்தவர். தங்கராஜு தாமே இந்த வேடிக்கையை ஆரம்பித்து வைத்தார். ஒவ்வொரு தடவையும் கடைக்குள் நுழைந்து, காக்கிச் சட்டைப் பையிலிருந்து கற்பனை மீட்டர் ஒன்றை எடுத்துப் பார்த்து, "நாற்பது ஓடியிருக்குது!" என்பார். கடை குலுங்கும்.

அவர் மனைவி மங்களம் மட்டும் ஒரு நாள் கேட்டாள். "எல்லாருக்கும் பதினஞ்சு, அவருக்கு மட்டும் என்ன நாற்பது?"

"கஷ்டம் கூட, மங்களம்."

"அந்தக் கஷ்டம் என்னான்னு அவருக்குத் தெரியுமா?"

தங்கராஜு ஆர்மோனியத்தின் துருத்தியில் தூசு இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

ஒரு வருஷம் தைப் பொங்கலை ஒட்டித் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் கட்டட நிதிக்காக நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் கலை நிகழ்ச்சி வைத்தார்கள். தர்ம காரியம் என்பதால் வாத்தியக்காரர்கள் எல்லோரும் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தங்கராஜுவும் மற்றவர்களோடு சேர்ந்து கையைத் தூக்கி, "பள்ளிக்கூடத்துக்குக் காசு வாங்குவமா!" என்றார். நிதி அதிகம் கொடுத்தவர் என்ற முறையில் பரமசிவத்துக்கு நான்கு பாட்டு.

அன்று மாலை வண்டியில் வரும்போதே பரமசிவம் ஓர் உறையை எடுத்துத் தங்கராஜுவின் சட்டைப் பையில் செருகினார்.

"ஐயோ அண்ணே, இன்னைக்கு யாரும் வாங்கல லா."

"அது அவங்க. நீங்க என் மாஸ்டர். வித்தையை ஓசியில வாங்கினா எனக்குத் தொண்டை வராது."

தங்கராஜு மறுத்தார். மறுக்கும்போது அவர் கை உறையை வெளியே எடுக்கவில்லை, பைக்கு மேலே தட்டிச் சரிசெய்தது. கை செய்ததைத் தாம் பார்க்கவில்லை என்று அவர் வெகுநாள் வரை நம்ப முயன்றார்.

கொட்டகை நிறைந்திருந்தது. மேடைக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு, முறை முடிந்த வாத்தியக்காரர்களும் முறைக்குக் காத்திருப்பவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அதாவது யூசுப் பாய் கடை முழுசும், பாய் உட்பட. பரமசிவம் மைக்கைப் பிடித்தார். பாடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தபோது அவர் பேசினார்.

"பாடறதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பத்திச் சொல்லணும். இதோ உக்காந்திருக்காரே, தங்கராஜு மாஸ்டர். எல்லாருக்கும் அவரு பதினஞ்சு வெள்ளிக்கு வாசிக்கிறாரு. எனக்கு மட்டும்," இங்கே அவர் நிறுத்தினார், மேடையில் எப்போது நிறுத்த வேண்டும் என்பது பேச்சில் மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது, "எனக்கு மட்டும் நாற்பது வெள்ளி!"

பெஞ்சில் யாரோ தும்முவதுபோல் ஒரு சத்தம்.

"ஏன்? ஆசையா? கெடையாது! என் பாட்டுக்கு வாசிக்கறதுன்னா சாதாரண வாசிப்பு பத்தாது, அதுக்குன்னு தனி வித்தை வேணும்னு அவருக்குத் தெரியும். முதல்ல முப்பது. நான் வளர வளர முப்பத்தஞ்சு, நாற்பது! இன்னைக்குக்கூட முழுசாக் கொடுத்துட்டுத்தான் மேடையேறுறேன்."

பாலகிருஷ்ணன் பிடில் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார். யூசுப் பாய் தொப்பியை எடுத்து முகத்தைத் துடைத்தார். நெய்னா சுத்தியை எடுத்து, ஏற்கெனவே சேர்ந்திருந்த தபலாவை விடாமல் தட்டினார். அப்படியும் அடக்க முடியாமல் பெஞ்சின் ஒரு கோடியில் ஒருவர் வெடித்தார். அவ்வளவுதான், பெஞ்சு முழுக்கக் கவிழ்ந்தது. காரணம் தெரியாத பின்வரிசைகளும், சிரிப்பு என்பதால் சிரித்தன.

தங்கராஜு எதைத் தாங்கிக்கொண்டாலும் அடுத்ததைத் தாங்கியிருக்க முடியாது. பரமசிவமும் சிரித்தார். மற்றவர்களோடு சேர்ந்து, எல்லோரையும்விட உரக்க, சந்தோஷமாகச் சிரித்தார். தம் பெருமையைக் கேட்டு ஊரே மகிழ்கிறது என்று நினைத்து, திரும்பித் தங்கராஜுவைப் பார்த்து, 'பார்த்தீங்களா' என்பதுபோல் தலையசைத்தார்.

சட்டைப் பையில் இருந்த உறை அடுப்பிலிருந்து எடுத்துவைத்ததுபோல் இருந்தது. பெஞ்சு இரண்டையும் கேட்டுவிட்டது: எதற்காக நாற்பது என்று பரமசிவம் நம்பிக்கொண்டிருக்கிறார் என்பதையும், பள்ளிக்கூடத்துக்கு எல்லோரும் சும்மா வாசிக்கும் நாளில் ஒருவர் வாங்கிக்கொண்டு வந்திருப்பதையும். அதில் முதலாவது வேடிக்கை. இரண்டாவதுக்கு யாரும் சிரிக்கவில்லை. தங்கராஜு துருத்தியைப் பிடித்து வாசித்தார். பரமசிவம் வழக்கம்போல் இறங்கினார், பலகை வழக்கம்போல் நகர்ந்தது. அந்தச் சின்ன 'டக்' சத்தம் இதுவரை யாருக்கும் கேட்டதில்லை. அன்று கொட்டகை முழுக்க அது ஒன்றுதான் கேட்டதாக அவருக்குத் தோன்றியது.

நிகழ்ச்சி முடிந்ததும் உறையை அப்படியே பள்ளி நிதி உண்டியலில் போட்டார். அதையும் பெஞ்சு பார்த்தது. அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதற்குப் பிறகு தங்கராஜு கடைக்கு வருவதைக் குறைத்தார். பரமசிவத்தின் வீடு இருந்த ரேஸ் கோர்ஸ் ரோட்டு மீட்டர்களை உடன் வேலை செய்கிறவரிடம் தள்ளிவிட்டு, அவருடைய பொத்தோங் பாசிர்ச் சேற்றுப் பாதையை வாங்கிக்கொண்டார். ஒரு மனிதர் வெட்கத்துக்காகத் தினமும் முழங்கால் வரை நனைவதைச் சிட்டி கவுன்சில் உழைப்பு என்று எடுத்துக்கொண்டு பாராட்டியது.

ஆனால் போன் எங்கே போனாலும் தேடி வரும். யூசுப் பாயே மீட்டர் பார்க்கும் பாதையில் அவரைத் தேடிப் பிடித்துச் சொன்னார்: "மாஸ்டர், பரமசிவம் மகளுக்குக் கல்யாணம். வரவேற்புல அவரேதான் பாடுறாராம், ரெண்டு மணி நேரம். கப்பல் கம்பெனி துரைங்க, மார்க்கெட் ஸ்திரீட்டு வட்டிக்கடை ஆளுங்க எல்லாம் வராங்க. ஆர்மோனியம் நீங்கதான், பிடில் தபலாவையும் நீங்களே சேத்துக் கூட்டிட்டு வரணுமாம். ரேட்டு பேச நேர்ல வரச் சொன்னாரு." கொஞ்சம் தயங்கி, "இந்தத் தடவை என்னா, அம்பதா?" என்றார்.

தங்கராஜு குனிந்து அடுத்த மீட்டரின் மூடியைத் திறந்தார். யூசுப் பாய் தம் சைக்கிளின் கைப்பிடியைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

தங்கராஜு முடிவு செய்துவிட்டார். பதினைந்து என்று சொல்வது. ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது. 'அண்ணே, நீங்க சரணத்துல இறங்குறீங்க, அதை மறைக்கத்தான் அத்தனை காசு வாங்கினேன்' என்ற வாக்கியத்தைப் பொத்தோங் பாசிர் முழுக்க, தண்ணீர்க் குழாய்களின் முன்னால் ஒத்திகை பார்த்தார். இரண்டு மணி நேரம் துரைகள் முன்னால் அவர் பாடி, நாலு பேர் பெஞ்சில் சிரித்து, இந்தத் தடவை அவருக்கே புரிந்துவிட்டால்? மகள் கல்யாணத்தில்? அதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

பரமசிவத்தின் ஆபீஸ் படகுத்துறைக்குப் பக்கத்தில், மாடியில் இருந்தது. கயிற்றுச் சுருள், வெங்காய மூட்டை, மண்ணெண்ணெய் எல்லாம் கலந்த வாசனை. அவர் தட்டில் வெற்றிலை பாக்கோடு ஐந்து வெள்ளித் தாளைத் தயாராக வைத்துக்கொண்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"வாங்க மாஸ்டர்! சொல்லுங்க. எவ்வளவு?"

"பதினஞ்சு, அண்ணே."

பரமசிவம் சிரித்தார். "கல்யாணத் தள்ளுபடியா? என்கிட்டயா?"

"இல்ல அண்ணே. நிஜமாத்தான். பதினஞ்சு போதும்."

பரமசிவத்தின் முகத்தில் சிரிப்பு எப்போது நின்றது என்று தங்கராஜு கவனிக்கவில்லை. அவர் தட்டைக் கீழே வைத்தார். ஜன்னல் வழியே சரக்கு ஏற்றும் தொங்காங் படகுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, கப்பலைக் கூப்பிடும் அந்தக் குரலா இது என்று சந்தேகம் வரும்படி, மெல்லக் கேட்டார்:

"என் பாட்டு குறைஞ்சிடுச்சா, மாஸ்டர்?"

"அண்ணே..."

"இல்ல, சொல்லுங்க. எனக்குச் சுருதி தெரியாது, ஒண்ணும் தெரியாது. முறையா யாருகிட்டயும் கத்துக்கல. வீட்டுல என்ன பாடினாலும் நல்லாருக்குங்கறா. கம்பெனி ஆளுங்க என் சோத்தைத் திங்கறானுங்க, அவனுங்க கை தட்டாம என்ன செய்வானுங்க? நான் எப்படிப் பாடுறேன்னு எனக்கு யாரு சொல்றா? நீங்கதான் சொன்னீங்க. முப்பதுன்னீங்க. முப்பத்தஞ்சுன்னீங்க. நாற்பதுன்னு கேட்ட அன்னைக்கு நான் ராத்திரி சாப்பிடவே இல்ல, சந்தோஷத்துல. காசு வாங்குறவன் பொய் சொல்லமாட்டான்னு நினைச்சேன். இப்ப ஒரேயடியா பதினஞ்சு. நியூ வோர்ல்டுல ஏதாச்சும் தப்பா போயிடுச்சா? அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்களே, அது..."

அவர் முடிக்கவில்லை. முடித்தால் எங்கே போய் நிற்கும் என்று அவருக்கே பயமாக இருந்ததுபோல் தெரிந்தது.

தங்கராஜுவின் வாய் திறந்தது. குழாய்கள் முன்னால் ஒத்திகை பார்த்த வாக்கியம் தயாராக நாக்கில் இருந்தது. பரமசிவம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கோவிலில் திரை விலகக் காத்திருக்கிறவர்கள் அப்படிப் பார்ப்பார்கள்.

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கராஜுவுக்கு அரைக் கட்டை இறங்குவது என்றால் என்னவென்று புரிந்தது. நினைத்த இடத்தில் தொடங்குவோம், சரணத்தில் எங்கேயோ இருப்போம்.

"சிரிச்சது உங்களைப் பார்த்து இல்ல அண்ணே. என்னைப் பார்த்து. ஓசியில வாசிக்கிற நாள்ல நான் காசு வாங்கினேன்ல, அதுக்கு" என்றார். அதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதியின்மேல் ஏறி நின்றுகொண்டு மீதியையும் சொன்னார்: "கல்யாண வீடாச்சே, கூடக் கேட்டா நல்லாவா இருக்கும்னு பதினஞ்சுன்னேன். நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்க. சரியான ரேட்டுன்னா... நாற்பத்தஞ்சு."

பரமசிவம் கண்களைத் துடைத்துக்கொண்டார். "நாற்பத்தஞ்சா!" என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். தங்கராஜு இரண்டு கையாலும் வாங்கினார். உடம்பில் வேறு கை இருந்திருந்தால் அதை முகத்தை மூட உபயோகித்திருப்பார்.

அன்று மாலை வெகுநாளைக்குப் பிறகு கோப்பிக்கடைக்குப் போனார். கடை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"மீட்டர் என்னா காட்டுது, மாஸ்டர்?" என்றார் நெய்னா.

"பதினஞ்சு" என்றார் தங்கராஜு.

கிளாஸ்கள் மேசையில் இறங்கின. பரமசிவத்துக்குப் பதினைந்தா? தங்கராஜு தலையைக் குனிந்துகொண்டு, சாதாரண ரேட்டு, எல்லாருக்கும் என்ன ரேட்டோ அதுதான் அவருக்கும், இனிமேல் அந்தப் பேச்சு வேண்டாம் என்றார். இப்படிச் சொன்னால் அந்த மனிதரை வைத்துச் சிரிப்பது நிற்கும் என்று அவர் கணக்குப் போட்டார். சிரிப்பு நின்றது. ஆனால் அந்தக் கடை தொழில் தெரிந்தவர்களின் கடை. பதினைந்து என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்.

"அப்ப திருந்திட்டாரா!" என்றார் பாலகிருஷ்ணன், ஆச்சரியத்தோடு. "யாருகிட்டயோ ரகசியமாச் சிட்சை எடுத்துருக்காரு. அப்ப நானும் பதினஞ்சுக்கு வர்றேன், மாஸ்டர். என்னைச் சேத்துக்குங்க."

நெய்னாவும் சேர்ந்துகொண்டார். தங்கராஜு தடுக்க வாயைத் திறந்தார். ஆனால் அந்த வாயை நம்பி இனி எதையும் ஒப்படைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வரவேற்பில் பரமசிவம் இரண்டு மணி நேரமும் பாடினார். முதல் பாட்டின் சரணத்தில் அவர் இறங்கியபோது பாலகிருஷ்ணனின் வில் நடுவழியில் நின்று, பார்வை மட்டும் தங்கராஜுவின் மேல் திரும்பியது. நெய்னா வலக்கையை மூடிக்கொண்டு, இடக்கையால் யாரையோ அடிப்பதுபோல் அடித்தார். தங்கராஜு நிமிரவே இல்லை. சங்கதி சங்கதியாக அடுக்கிப் பலகையை நகர்த்தினார். நகர்த்தும் சத்தம் கேட்காமல் இருக்கத் துண்டை மடித்து அடியில் வைத்திருந்தார். அவர் வாசித்ததிலேயே அதுதான் சிறந்த வாசிப்பு என்று நெய்னா பிற்காலத்தில் சொல்வார். சொல்லும்போது பாராட்டுகிற தொனி இருக்காது. துரைகள் கை தட்டினார்கள். மணப்பெண் அப்பாவைப் பார்த்து அழுதாள்.

முடிந்ததும் பந்தலுக்குப் பின்னால் பாலகிருஷ்ணன் பிடித்துக்கொண்டார். "திருந்திட்டாருன்னு சொன்னியே, பாவி!"

"ரேட்டு பதினஞ்சுன்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானய்யா!"

அந்த நேரம் பார்த்துப் பரமசிவம் மாலையும் வியர்வையுமாக வந்தார், கையில் உறைகளோடு. மற்ற இருவருக்கும் பேசிய பதினைந்தைக் கொடுத்தார். தங்கராஜுவின் உறை பார்வைக்கே தடித்திருந்தது. பாலகிருஷ்ணனும் நெய்னாவும் அந்தத் தடிப்பைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு தங்கராஜுவின் தலை எவ்வளவு கீழே தொங்குகிறது என்பதைப் பார்த்தார்கள். நெய்னாவுக்கு என்ன புரிந்ததோ, பாலகிருஷ்ணனின் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கடையில் பரமசிவம் ரேட் என்ற வார்த்தையை எவரும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததும் தங்கராஜுவுக்கு ஒவ்வொரு மாலையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பரமசிவம் தங்கராஜுவைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை வாத்தியாரிடம் கேட்பதுபோல், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எப்படி, மாஸ்டர்? அடுத்த தடவை அம்பது கேப்பீங்கதானே?"

தங்கராஜு, பரமசிவத்தின் மாலையிலிருந்து உதிர்ந்து அவர் தோளில் ஒட்டியிருந்த மல்லிகை இதழைத் தட்டிவிட்டார்.

"கேப்பேன், அண்ணே" என்றார்.